பணவீக்க நாளில் கையைச் சுட்டுக்கொள்வது எப்படி?

முதலில் நாள் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பணவீக்கக் கணக்கு மாதம் ஒருமுறை, வாஷிங்டன் நேரப்படி காலை 8.30 மணிக்கு வெளியாகும். முதல் நாளே கையிலிருப்பதையெல்லாம் பங்கில் போட்டுவிடுங்கள். பணவீக்கம் இறங்கினால் ஃபெடரல் ரிசர்வ் வட்டியில் கை வைக்காது, பங்கு ஏறும் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் தெரிந்துகொண்டால் நஷ்டம் குறைந்துவிடும்.

2022 செப்டம்பர் 13 இதற்கு வாகான நாள். ஜூலையில் 8.5 சதவீதமாக இருந்த பணவீக்கம் ஆகஸ்டில் 8.3 ஆனதாக அன்று அறிவித்தார்கள். இறங்கத்தானே செய்திருக்கிறது? ஆனால் எஸ் அண்ட் பி 500 அன்று 4.3 சதவீதம் சரிந்தது. சந்தை எதிர்பார்த்தது 8.1, அந்த இறக்கத்தை ஏற்கெனவே விலையில் சேர்த்துவிட்டிருந்தது. உணவையும் எரிபொருளையும் கழித்த கணக்கோ, 0.3 சதவீதம் ஏறும் என்று நினைத்த இடத்தில் ஒரே மாதத்தில் 0.6 ஏறியிருந்தது. விலையேற்றம் எளிதில் அடங்காது, வட்டி இன்னும் ஏறும் என்று அதற்குப் பொருள். வட்டி ஏறினால், நிறுவனங்கள் பல வருடம் கழித்துச் சம்பாதிக்கப்போகும் லாபத்தின் இன்றைய மதிப்பு குறையும். நவம்பர் 10 அன்று நேர்மாறு: எதிர்பார்த்தது 7.9, வந்தது 7.7, எஸ் அண்ட் பி சுமார் 5.5 சதவீதம் ஏறியது. ஆகவே எதிர்பார்ப்பு எண் கண்ணில் பட்டால் உடனே பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

பங்கு பயமாக இருந்தால் அரசுப் பத்திரத்துக்குப் போங்கள். வட்டி அடிமட்டத்தில் இருக்கும்போது, நீண்ட காலத்துக்கானதாகப் பார்த்து வாங்குங்கள். ஆயிரம் டாலர் பத்திரம், பத்து வருடம், 1.5 சதவீதம், வருடத்துக்கு 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய கையோடு சந்தை வட்டி 4 சதவீதம் ஆகிவிட்டால் புதுப் பத்திரம் 40 டாலர் தரும். உங்களுடையதை யார் ஆயிரத்துக்கு வாங்குவார்கள்? சுமார் 797 டாலர் கிடைக்கும். முதிர்வுவரை பொறுத்திருந்தால் முழு ஆயிரமும் கைக்கு வரும். அதனால் பொறுக்காதீர்கள், நடுவிலேயே விற்றுவிடுங்கள். இரண்டு வருடப் பத்திரம் வாங்கியிருந்தால் அடி ஐந்து சதவீதத்துக்குள் முடிந்திருக்கும், அது இந்த வழிகாட்டிக்கே அவமானம்.

மீதியைப் பிட்காயினில் போடுங்கள். பணவீக்கத்துக்கு அது கேடயம் என்று சொல்வார்கள், நம்புங்கள். 2021 நவம்பரில் அதன் விலை 69,000 டாலரை நெருங்கியது. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டபோது கேடயம் 20,000 டாலர் அருகே கிடந்தது. பிட்காயின் வட்டியும் தராது, லாபப்பங்கும் தராது. சும்மா வைத்த டாலருக்கே நல்ல வட்டி கிடைக்கும் காலத்தில் அதை முதலில் விற்றுத் தள்ளுகிறார்கள்.

எல்லாப் பழியையும் ஃபெடரல் ரிசர்வ் மேல் போடவும் மறக்காதீர்கள். 2022 நவம்பரின் அதே வாரத்தில் பங்குகள் ஏற, பிட்காயின் மட்டும் பலத்த அடி வாங்கியது. காரணம் வட்டியல்ல, 11ஆம் தேதி எஃப்.டி.எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையே திவால் மனு கொடுத்தது.