தண்ணீர் எப்போது வரும்? (சல்லிக் கேள்வி-பதில்)

கேள்வி: தொடர்மாடியில் தாங்கி கழுவுவதற்கு அறிவித்தல் எதற்கு? கழுவிவிட்டுச் சொன்னால் போதாதா?

பதில்: தலையில் சவர்க்காரம் போட்ட பிறகு தண்ணீர் நிற்கப் பார்த்திராதவரின் கேள்வி இது.

கேள்வி: வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் "திங்கள் காலை 9 முதல் 11 வரை தாங்கி கழுவப்படும், அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒட்டினார்கள். தண்ணீர் வந்தது செவ்வாய் பின்னேரம். அறிவித்தல் பொய்யா?

பதில்: பொய்யில்லை. 11 மணிக்குக் கழுவி முடித்திருப்பார்கள். கழுவி முடிவதும் தண்ணீர் வருவதும் வேறு வேறு என்பதைத்தான் அந்தத் தாள் சொல்லாமல் விட்டது.

மேல்தாங்கி 5,000 லீற்றர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படிப் போகும். 9 மணிக்கு வால்வை மூடி, மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, அடியில் படிந்த சேற்றை அள்ளிச் சுவரைத் தேய்க்க இரண்டு மணி நேரம். பிறகு கிருமிநீக்கம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் முழுத் தாங்கிக்கு 250 கிராம். கடையில் விற்கும் குளோரின் பவுடரில் குளோரின் ஏறத்தாழ 30 சதவீதம்தான். ஆகவே பவுடர் 830 கிராம் அளவில் போகும். நிமிடத்துக்கு 80 லீற்றர் ஏற்றும் மோட்டர் தாங்கியை நிரப்பும்போது 12 மணி தாண்டிவிடும். அந்தத் தண்ணீர் 24 மணி நேரம் நிற்க வேண்டும். அதன்பின் அதை வெளியேற்ற ஒரு மணி, நல்ல தண்ணீர் ஏற்ற இன்னொரு மணி. செவ்வாய் பிற்பகல் இரண்டு மணி தாண்டிவிடுகிறது. அவசரமென்றால் பவுடரை இரட்டித்து நிற்கும் நேரத்தை 8 மணியாகக் குறைக்கலாம். அப்போதும் திங்கள் இரவு 10 மணிக்கு முன் குழாயில் எதையும் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே தாளில் இருக்க வேண்டிய நேரங்கள் இரண்டு: குழாய் நிற்கும் நேரம், நல்ல தண்ணீர் திரும்பும் நேரம். வருத்தம் தெரிவிக்கும் வரியை எடுத்துவிட்டால் இரண்டாவதுக்கு இடம் கிடைக்கும்.

கேள்வி: பழைய குளோரின் பவுடர் பாவிக்கலாமா?

பதில்: திறந்த டின் கடற்கரைக் காற்றில் சீக்கிரம் வலுவிழக்கும். ஈரம் பிடித்துக் கட்டியாகி, மணமும் குறைந்திருந்தால் அது சுண்ணாம்புக்குக் கிட்டவந்துவிட்டது.

கேள்வி: "குழாய்களை மூடி வைக்கவும்" என்று ஏன் எழுதுகிறார்கள்? தண்ணீரே இல்லையே!

பதில்: தண்ணீர் இல்லாத நாளில்தான் குழாய் அதிகம் திறக்கப்படுகிறது. வந்துவிட்டதா என்று முறுக்கிப் பார்ப்பது, வரவில்லை என்று அலுத்துக்கொள்வது, முறுக்கியதை மறந்து கந்தோருக்குப் போவது: இது ஒரே ஆளின் பத்து நிமிட வேலை. கை கழுவும் தொட்டியில் நேற்றைய கோப்பை ஒன்று ஓட்டையை அடைத்துக்கொண்டு கிடக்கும். தண்ணீர் சொன்ன நேரத்துக்கு ஒழுங்காக வரும். மூன்றாம் மாடிக்காரர் ரயிலில் இருக்க, இரண்டாம் மாடிக்காரரின் கூரையில் இந்து சமுத்திரம் உருவாகும். எங்கள் ஊர் சல்லியில் கிணறு இறைத்தால் வாளியைக் கவிழ்த்து வைத்தால் போதும். குழாய்க்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

கேள்வி: கழுவும் செலவுக்கு ஆர் சல்லி கொடுப்பது?

பதில்: சல்லிக்காரரிடம் சல்லி பற்றிக் கேட்கக் கூடாது.

கேள்வி: கரண்ட் வெட்டு அறிவித்தலில் தண்ணீரைப் பற்றி ஏன் எழுத வேண்டும்?

பதில்: மோட்டர் கரண்டில் ஓடுவதால். மேல்தாங்கியில் இருப்பது தீரும்வரைதான் குழாய் பேசும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. அப்போது ஊர்களை ஆங்கில எழுத்துகளால் பிரித்து அட்டவணை வந்ததால், கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துத் தாங்கியை நிரப்ப முடிந்தது. 2025 பெப்ரவரி 9 முற்பகல் நாடு முழுவதும் இருண்டபோது அந்த வசதி இல்லை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார். குரங்கு முன்னறிவித்தல் ஒட்டுவதில்லை.

கேள்வி: நாலாம் மாடியில் ஒட்சிசன் இயந்திரத்தோடு ஒரு வயோதிபத் தாய் இருக்கிறார். மின்தூக்கியில் ஒட்டிய தாள் அவருக்கு எப்படித் தெரியும்?

பதில்: தெரியாது. கீழே இறங்காதவரிடம் கதவைத் தட்டித்தான் சொல்ல வேண்டும், குறைந்தது இரண்டு நாள் முன்பாக. ஒட்சிசன் சிலிண்டர் எடுக்க அவகாசம் வேண்டும். வெட்டு நேரத்தில் மின்தூக்கியும் நிற்பதால் சிலிண்டரை முதல் நாளே மேலே ஏற்றிவிட வேண்டும். சிலிண்டர் எத்தனை மணி தாங்கும் என்பது அதன் அளவையும் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று வைத்தியர் சொன்னதையும் பொறுத்தது. அறிவித்த நேரத்தைவிட இரண்டு மூன்று மணி கூடுதலாகத் தாங்கும்படி கணக்கிட்டுக்கொள்வது நல்லது. தொடர்மாடியில் ஜெனரேட்டர் இருந்தால் அது வீடுகளுக்கும் கரண்ட் கொடுக்குமா, பொது விளக்குகளுக்கு மட்டுமா என்பதையும் தாளில் எழுத வேண்டும்.

கேள்வி: காலை 8 முதல் மாலை 5 வரை கரண்ட் இல்லையாம். அதற்குள் பழுதான பிளக்கைத் திருத்தலாமா?

பதில்: வேலை முந்தி முடிந்தால் 3 மணிக்கே கரண்ட் வரும். மெயின் சுவிட்சை அணைக்காமல் கம்பியில் கைவைப்பவருக்கு அந்தச் செய்தி கம்பி வழியாகவே கிடைக்கும்.