வழி தவறி வந்த லட்சுமி

கேள்வி: என் கணக்கில் யாரோ 20,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். வீடு தேடி வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பலாமா?

வந்தவளிடம் விலாசம் விசாரித்தீர்களா? அவள் பக்கத்து வீட்டு லட்சுமி!

2023-ல் சென்னையில் ஒரு கார் ஓட்டுநரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் விழுந்தது. நிஜம்தானா என்று பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார், போனது. கொஞ்ச நேரத்தில் மிச்சத்தை வங்கியே எடுத்துக்கொண்டது. அடுத்தவர் பணம் என்று தெரிந்தே செலவழித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 314-ம் பிரிவு காத்திருக்கிறது. குறைந்தது 6 மாதம் சிறை.

கேள்வி: அனுப்பியவரே போன் செய்து, 'இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்க' என்று அழுகிறாரே?

அழட்டும், நீங்கள் முதலில் பாஸ்புக்கைப் பாருங்கள். வந்தது வெறும் எஸ்.எம்.எஸ். மட்டுமாக இருக்கலாம். பணமே வந்திருந்தாலும் அது திருட்டுப் பணமாக இருந்தால், போலீஸ் முடக்குவது உங்கள் கணக்கையும்தான். தேதி, தொகை, யு.டி.ஆர். எண் எழுதி உங்கள் கிளையில் கடிதம் கொடுங்கள்; நகலில் சீல் வாங்குங்கள். வந்த கணக்குக்கே வங்கி மூலம் திரும்பட்டும். அதுவரை அந்த 20,000-ஐ உங்கள் இ.எம்.ஐ. விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.