மழைக்குத் தவணை கேட்பது எப்படி?

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறேன். 25-ஆம் தேதிக்குள் 500 பண்டல் தர வேண்டும். ஐப்பசி மழையில் குச்சி காயவில்லை. “பத்து நாள் கொடுங்க அண்ணாச்சி” என்றால் வியாபாரி கத்துகிறாரே?

பத்து நாளும் உங்களுக்கு, நட்டம் முழுக்க அவருக்கு. கத்தாமல் என்ன செய்வார்? முதலில் கணக்குப் போடுங்கள். இன்று 20-ஆம் தேதி, கையில் 260 பண்டல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் நாளுக்கு 40 வரும், மழையில் 15. ஐந்து நாளில் 75 சேர்ந்தால் மொத்தம் 335. வாயால் சொல்ல வேண்டியது 300.

இப்போது போன் போடுங்கள்: “அண்ணாச்சி, 25-ல் 300 ஏத்திவிடுறேன், மீதி 200 அடுத்த மாசம் 5-ஆம் தேதி, அந்த லாரி வாடகை என் பொறுப்பு. இல்ல, மொத்தமா ஒரே லோடா வேணும்னா 5-ஆம் தேதி. உங்களுக்கு எது வசதி?” மீதி 200-க்கு நாளுக்கு 20 என்றுதான் பத்து நாள் கணக்கு, பாதி நாள் மழை பெய்தாலும் தாங்கும். கடை காலியாக இருந்தால் அவர் முதலாவதைப் பிடித்துக்கொள்வார்.

கேட்டேன். “300-ஐ வைத்து நான் என்ன செய்ய?” என்கிறார்.

அப்படியானால் சரக்கு கடைக்குப் போகவில்லை, தூத்துக்குடியில் கப்பலுக்குப் போகிறது. கன்டெய்னரை அடைக்கும் கடைசித் தேதி தாண்டினால் அரைச் சரக்கும் ஒன்றுதான், ஒன்றுமில்லாததும் ஒன்றுதான். அங்கே வழி வேறு: அடுத்த கப்பலில் ஏற்றலாம், அல்லது குறைகிற சரக்கைப் பக்கத்து ஆபீசில் செய்து வாங்கலாம். லேபிள் அவருடையது என்றால், பின்னதற்கு அவர் சம்மதம் வேண்டும். அந்தத் தேதி எதற்காக என்று நீங்கள் முதலிலேயே விசாரித்திருக்கலாம்.

அரைகுறையாகக் காய்ந்ததை 25-லேயே அனுப்பினால்?

மருந்து உதிரும், குச்சி பற்றாது, வியாபாரி பற்றிக்கொள்வார். அளவைக் குறைப்பதையும் நாளைத் தள்ளுவதையும் வழியாகச் சொல்லலாம். தரத்தைக் குறைப்பதைச் சொல்லாதீர்கள்.

சென்னையில் ஐ.டி. வேலை. மேனேஜரிடமும் இதே பாச்சா பலிக்குமா? (ஒரு வாசகி, எட்டயபுரம்)

பலிக்கும் தாயே. “வெள்ளிக்கிழமை பணம் கட்டும் பக்கம் மட்டும் ஓடும், ரிப்போர்ட் புதன்கிழமை. இரண்டும் வெள்ளியே வேண்டுமென்றால் சோதனை பார்க்க இன்னொரு ஆள் வேண்டும்” என்று சொல்லுங்கள். உங்களுக்கு எது நல்லதென்று படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவெடுக்கும் பாரம் அவருக்குக் குறையும். ஆனால் வேலைக்கு நடுவில் புது ஆளைச் சேர்த்தால் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே இரண்டு நாள் போகும். அதையும் கணக்கில் வையுங்கள்.

தேதி அன்று காலையில் சொன்னால் போதாதா?

அன்று அவருக்குத் தேர்ந்தெடுக்க என்ன மிச்சம்? திட்டுவது ஒன்றுதான்.

5-ஆம் தேதியும் தவறினால்?

அனுப்பிய 300-க்குப் பில் போடுங்கள். மீதியை வேறு ஆபீசில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.