நூறு ஹெர்ட்ஸில் ஒரு சல்லடை: மைக் செட் கேள்வி-பதில்

மொடச்சூர் வாசகர்: கல்யாண மண்டபத்துக்கு மைக் செட் கட்டுறோம். சப் ஊஃபருக்கு அடித்தொனி மட்டும் போகணும். ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் போட்டால் போதாதுங்களா? ஆப் ஆம்ப் எதுக்குங்க?

ஒரு ஜோடி போட்டாலும் வடிகட்டும். ஆனால் சரிவு படுமெதுவாக இருக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கட்டினால் 400 ஹெர்ட்ஸிலும் நாலில் ஒரு பங்கு வந்துகொண்டே இருக்கும். பேசுகிறவர் குரல் அங்கேதான் இருக்கிறது. அதனால் சப் பெட்டிக்குள்ளிருந்தும் ஒருவர் பேசுவது போலக் கேட்கும்.

'சரி, இரண்டு ஜோடி போடுகிறேன்' என்பீர்கள். அப்போது முதல் ஜோடியின் மேல் இரண்டாவது பாரமாக ஏறிவிடும். 100-க்குக் கட்டியது 37 ஹெர்ட்ஸிலேயே தொய்யத் தொடங்கும். முழங்க வேண்டிய இடமே போச்சு. ஆப் ஆம்ப் இந்தத் தொய்வைத் தாங்கிப் பிடிக்கிறது. வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தை ஒரு கெபாசிட்டர் வழியாக நடுவிலே திருப்பிக் கொடுத்து, மூலையை நிமிர்த்துகிறது. 1955-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் சாலன், கீ என்ற இருவர் வெளியிட்ட சுற்று இது. இன்றும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது.

கவுந்தப்பாடி வாசகர்: கட்-ஆஃப் எத்தனை ஹெர்ட்ஸ் வைக்கலாம்? 200 வைத்தால் சத்தம் கூடுதலாக வருமே?

சத்தம் கூடும், தெளிவு குறையும். ஆண் குரலின் அடித்தொனி ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. 200 வைத்தால் அறிவிப்பாளர் குரலில் பாதி சப்பிலிருந்து வந்து குழம்பும். மேல் பெட்டியில் 12, 15 அங்குல ஸ்பீக்கர் இருந்தால் 100 போதும். மேல் பெட்டி சின்னதாக இருந்தால் 120 வரை ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கட்-ஆஃப் என்பது மதில் சுவர் அல்ல, சரிவு தொடங்கும் இடம். அந்த இடத்திலேயே மின்னழுத்தம் 0.71 பங்காகக் குறைந்திருக்கும்.

நம்பியூர் வாசகர்: 100 ஹெர்ட்ஸுக்கு மதிப்பு போட்டுக் காட்டுங்களேன்.

முதலில் கெபாசிட்டரைத் தேர்ந்தெடுங்கள், ரெசிஸ்டர் தானாக வரும். கடையில் ரெசிஸ்டர் பல மதிப்புகளில் கிடைக்கும், கெபாசிட்டர் அப்படிக் கிடைக்காது.

இரண்டு ரெசிஸ்டரும் ஒரே மதிப்பு. வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் கெபாசிட்டர் C1, கிரவுண்டுக்குப் போவது C2. C1, C2-ஐப் போல இரண்டு மடங்கு இருந்தால் மேடு பள்ளம் இல்லாத சமமான சரிவு கிடைக்கும். C2-க்கு ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட். C1-க்கு அதே கெபாசிட்டர் இரண்டைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 0.2 ஆகிவிடும்.

```
f = 1 / (2π × R × √(C1 × C2))
R = 1 / (2π × 100 × 0.1414 µF) = 11.25 kΩ
```

10 கிலோ ஓமும் 1.2 கிலோ ஓமும் தொடராகச் சேர்த்தால் 11.2. கட்-ஆஃப் 100.5 ஹெர்ட்ஸ் வரும். ஐசி 4558 போதும். அதன் வெளியீட்டை மைனஸ் காலோடு நேராக இணைத்துவிடுங்கள். பவர் சப்ளை பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட்.

அந்தியூர் வாசகர்: கட்டி முடித்தேன். சரியாக வேலை செய்கிறதா என்று காதால் கேட்டே சொல்லிவிட முடியாதா?

முடியாது. காது சத்தத்தைச் சொல்லும், கட்-ஆஃபைச் சொல்லாது. சிக்னல் ஜெனரேட்டரில் சைன் அலை வைத்து, 20 ஹெர்ட்ஸில் 1 வோல்ட் கொடுங்கள். வெளியிலும் 1 வோல்ட் வர வேண்டும். பிறகு அளவைத் தொடாமல் அதிர்வெண்ணை மட்டும் ஏற்றுங்கள். 50-இல் 0.97, 100-இல் 0.71, 200-இல் 0.24, 400-இல் 0.06 வோல்ட் வந்தால் சுற்று சரி.

ஒவ்வொரு இடத்திலும் உள்ளே போவதையும் அதே மீட்டரால் அளந்து, வெளியே வந்ததை அதனால் வகுங்கள். ஜெனரேட்டர் திரையில் தெரிவது உச்சிக்கு உச்சி அளவாக இருக்கலாம், மீட்டர் காட்டுவது வேறு. வகுத்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும். மலிவான மல்டிமீட்டரில் ஏ.சி. பிரிவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும், அதில் 0.24 தெரியவே தெரியாது. 2 வோல்ட் ஏ.சி. பிரிவு உள்ள மீட்டரை இரவல் வாங்குங்கள்.

சத்தியமங்கலம் வாசகர்: கணக்குப்படி 100. எனக்கு 125-இல்தான் 0.71 வருகிறது. தப்பு எங்கேங்க?

கெபாசிட்டர் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 104 என்ற எண்ணுக்குப் பின்னால் Z என்றிருந்தால் அது 20 சதவீதம் குறைவாகவும் இருக்கலாம், 80 சதவீதம் கூடுதலாகவும் இருக்கலாம். மூன்றுமே 20 சதவீதம் குறைந்தால் 100.5 என்பது ஏறக்குறைய 125 ஆகிவிடும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். 104J என்று எழுதிய பாலியெஸ்டர் கெபாசிட்டர் வாங்குங்கள், 5 சதவீதத்துக்குள் நிற்கும்.

டி.என்.பாளையம் வாசகர்: எனக்கு நேர்மாறு. 40 ஹெர்ட்ஸிலேயே 0.7, 100-இல் 0.35!

C1, C2 இடம் மாறிவிட்டது. கணக்கில் கட்-ஆஃப் எண் மாறாது, ஏனென்றால் பெருக்கல் அதேதான். ஆனால் மூலையை நிமிர்த்தும் வேலை நின்றுபோகும். 100-இல் சரியாக 0.35 வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். இரட்டைக் கெபாசிட்டரை வெளியீட்டுப் பக்கம் மாற்றிப் பற்றவையுங்கள்.

கோபி வாசகர்: மேசையில் 100 காட்டியது. மிக்சரில் மாட்டிய பிறகு அளந்தால் 84. பொருள் கெட்டுவிட்டதா?

பொருள் நல்லாத்தான் இருக்கிறது. இடது, வலது இரண்டையும் தலா 10 கிலோ ஓம் வழியாகச் சேர்த்து நேராக ஃபில்டருக்குக் கொடுத்திருப்பீர்கள். அந்த இரண்டும் சேர்ந்து 5 கிலோ ஓமாக முதல் ரெசிஸ்டரோடு ஒட்டிக்கொள்கின்றன. 11.2 என்று நீங்கள் நினைத்தது 16.2 ஆகிவிட்டது. ஜெனரேட்டரின் உள் தடை வெறும் 50 ஓம், அதனால் மேசையில் இது தெரியவில்லை.

4558-க்குள் இரண்டு ஆப் ஆம்ப் இருக்கின்றன. ஒன்றைச் சும்மா விடாதீர்கள். ஃபில்டருக்கு முன்னால் தாங்கியாக வையுங்கள், 84 மறுபடி 100 ஆகும்.

பவானிசாகர் வாசகர்: ஃபில்டர் போட்ட பிறகு சப்பில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்கிறது. கட்-ஆஃபைக் குறைத்தால் போகுமா?

போகாது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். உங்கள் ஃபில்டர் அதில் 97 சதவீதத்தைக் கதவைத் திறந்து அனுப்புகிறது, அதுதான் அதற்கு இட்ட வேலை. ஃபில்டரின் நுழைவைக் கிரவுண்டோடு இணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் முன்னால் வரும் வயரிலும் அதன் ஷீல்டிலும். நிற்காவிட்டால் பவர் சப்ளையிலோ கிரவுண்டு இணைப்பிலோ.

எந்தப் பெட்டியை முடித்தாலும் 50, 100, 200, 400 என்ற நான்கு இடத்தில் அளந்த எண்களை மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டுங்கள். இரண்டு வருஷம் கழித்து அதே பெட்டி பழுதுக்கு வரும்போது, எது மாறியிருக்கிறது என்பதை அந்தச் சீட்டுதான் முதலில் சொல்லும்.