பணிந்து மேலனுப்பப்படுகிறது

எங்கள் கண்காணிப்பாளர் எழுதும் முகப்புக் கடிதத்தில் இதுவரை யாரும் பிழை கண்டதில்லை. பொருள், பார்வை, ந.க.எண், நாள் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். எங்கள் பிரிவு இளநிலை உதவியாளர், தங்கை கல்யாணத்துக்காக 10 நாள் ஈட்டிய விடுப்பு கேட்டபோதும் அப்படித்தான். ஆணை வழங்கவேண்டியது மாவட்ட அலுவலகம். விண்ணப்பம் உரிய வழியாகத்தான் போகவேண்டும். ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட்டார் பையன். கண்காணிப்பாளர் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "மேற்படி பணியாளரின் விடுப்பு விண்ணப்பம் தக்க ஆணை வேண்டி இத்துடன் இணைத்துப் பணிந்து அனுப்பப்படுகிறது."

எத்தனை நிதானம் பாருங்கள். பரிந்துரைக்கிறேன் என்று எழுதினால், வேலை தேங்கும்போது கேள்வி அவரிடம் வரும். பரிந்துரைக்கவில்லை என்றால் தினமும் அந்தப் பையன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். இரண்டு பக்கமும் சாயாமல் ஒரு காகிதத்தை மேலே ஏற்றும் பக்குவம் எல்லாருக்கும் வருவதில்லை.

பணிப்பதிவேடு அவருடைய பீரோவில், அவருடைய சாவியில் இருக்கிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் 15 நாளாக ஏறிவந்த வரவும், கழித்தது போக மீதியும் விடுப்புக் கணக்குப் பக்கத்தில் தெரியும். அந்தப் பக்கத்தை அவர் புரட்டவில்லை. பதிவேடுகள் நைந்துபோகாமல் காப்பதில் அவருக்கு இணை கிடையாது. பையனின் கோப்புகளை அந்தப் பத்து நாளும் யார் பார்ப்பார்கள் என்பதையும் எழுதவில்லை. பக்கத்து இருக்கை உதவியாளர் "நான் பார்த்துக்கிறேன் சார்" என்று முன்வந்திருந்தார். அவர்மேல் எழுத்தில் சுமை ஏற்ற ஐயாவுக்கு மனம் வரவில்லை.

மாவட்ட அலுவலகப் பிரிவு எழுத்தருக்கு இந்த நயம் பிடிபடவில்லை. விடுப்பு இருப்பு விவரம் இல்லை, மாற்று ஏற்பாடு இல்லை, பரிந்துரை இல்லை என்று மூன்று குறை சுட்டித் திருப்பிவிட்டார். திரும்பிய காகிதத்தைக் கண்காணிப்பாளர் முறைப்படி தன்பதிவேட்டில் ஏற்றி, வரிசை மாறாமல் அதன் முறை வரும்வரை வைத்திருந்தார். சலுகை காட்டுகிறார் என்று அவரை ஒருவரும் சொல்லமுடியாது. முகூர்த்த நாள் அதற்குள் வந்துவிட்டது. ஆணை வராமலே பையன் ஊருக்குப் போனார். தாலி கட்டும் நேரத்தில் அண்ணன் இருந்தாக வேண்டுமே.

அவர் இல்லாத இரண்டாம் நாளே ஐயா மறுபடி பேனாவை எடுத்தார். இந்த முறை கடிதம் ஒன்றரைப் பக்கம். பணிப்பதிவேட்டைப் பார்த்து விடுப்பு இருப்பை நாள் கணக்கோடு எழுதியிருந்தார். எந்தெந்தக் கோப்பு நிற்கிறது, அதை யாரிடம் ஒப்படைத்திருக்கிறது என்பதும் இருந்தது. கடைசிப் பத்தியில், அனுமதியின்றிப் பணிக்கு வராமைக்கு 17(அ) பிரிவில் விளக்கம் கோரலாம் என்று தெளிவாகப் பரிந்துரைத்திருந்தார். ஒரு முகப்புக் கடிதத்தில் இருக்கவேண்டிய எதுவும் அதில் விடுபடவில்லை. அன்றைய தபாலிலேயே போய்ச் சேர்ந்தது.