வாழ்த்தே போதும்

அண்ணா,

மாசி பாதியில் நம் குழுவுக்கு நீங்கள் அனுப்பிய செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. அதைவிடப் பண்பான செய்தியை எந்த வாட்ஸப் குழுவிலும் நான் படித்ததில்லை. முழுதாகவே எடுத்து எழுதுகிறேன்.

"அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். ஆமைக் குஞ்சுகள் வெளிவரும் காலம் தொடங்குகிறது. பொரிப்பகத்தில் இரவுக் காவலுக்குத் தன்னார்வலர்கள் தேவை. தங்களுக்கு வசதிப்படும் நாளில், முடிந்தவர்கள் வந்து உதவினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். வர இயலாதவர்கள் வருந்த வேண்டாம். தங்கள் வாழ்த்தே போதும்."

ஓர் எழுத்துப் பிழை இல்லை. அதட்டல் இல்லை. வருகிறேன் என்று போன வருடம் சொல்லிவிட்டு வராமல் போனவர்களைக் குத்திக்காட்டும் ஒரு சொல்கூட இல்லை. குழுவில் இருக்கும் நூற்றெண்பது பேரில் ஒருவர் மனமும் நோகவில்லை. ஒருவர் தூக்கமும் கெடவில்லை. வாழ்த்தே போதும் என்றீர்கள். அன்று மாலைக்குள் நாற்பத்து மூன்று பேர் வாழ்த்திவிட்டார்கள். கும்பிடும் கை, கட்டைவிரல், பச்சை இதயம். அதில் ஒரு கட்டைவிரல் என்னுடையது.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கரையில் தை தொடங்கிச் சித்திரை வரை பங்குனி ஆமை இரவில் ஏறி வந்து முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலேயே இருக்கும். நாயும் மனிதக் காலும் படாமலிருக்க, அவற்றை அன்றிரவே எடுத்து வந்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், ஒன்றரை அடி அளவுக்குக் குடம் போலத் தோண்டிய குழியில் வைப்போம். ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் குஞ்சு பொரிக்கும். பொரித்த குஞ்சுகள் மணலுக்கடியில் ஒன்றாகக் காத்திருந்து, மேல் மணல் குளிர்ந்ததும் கூட்டமாக வெளியே வரும். அதனால்தான் பெரும்பாலும் இரவில் வருகின்றன. குழிமேல் கூடையைக் கவிழ்த்து வைத்திருப்போம். அதற்குள் வந்து சேர்ந்தவற்றைத் தாமதிக்காமல் எண்ணி, இருட்டான கரையில் விட வேண்டும். வெளியே வந்த குஞ்சுக்கு ஒரு வெறி இருக்கும்; வயிற்றில் மிச்சமிருக்கும் கருவின் சத்தை வைத்துக்கொண்டு முதல் ஒரு நாள் விடாமல் நீந்தி ஆழத்துக்குப் போய்விடும். கூடையின் ஓரத்தை மோதி மோதிச் சுற்றுகிற ஒவ்வொரு மணி நேரமும் அந்தச் சத்து வீணாகிறது. விடிந்து வெயில் ஏறிவிட்டால் மணலே அவற்றைக் கொன்றுவிடும்.

ஆகவே காவல் என்பது இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. ஒருவர் தாங்க மாட்டார் என்று இரண்டு முறையாகப் பிரித்தோம், பத்து முதல் இரண்டு, இரண்டு முதல் ஆறு. கடற்கரையில் இரவில் தனியாக இருப்பது நல்லதல்ல என்பதால் முறைக்கு இரண்டு பேர். 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் என்பதால், வனத்துறை அனுமதிக்கு உட்பட்டுத்தான் அதைத் தொடலாம். ஆக அந்த இருவரில் ஒருவர் வேலை பழகியவராக இருக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு உள்ளங்கை ரேகை போலத் தெரியும். எங்களைச் சுமைப்படுத்த வேண்டாம் என்ற அன்பில் ஒன்றையும் செய்தியில் எழுதவில்லை.

'வசதிப்படும் நாளில்' என்ற சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தச் சொல்லை எல்லாரும் அப்படியே எடுத்துக்கொண்டோம். எங்கள் அத்தனை பேருக்கும் வசதிப்பட்டது சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை பதினான்கு பேர் வந்தோம். சுண்டல் வந்தது, பிளாஸ்கில் டீ வந்தது. அன்று எந்தக் குழியும் பொரியவில்லை. ஞாயிறு இரவு நீங்கள் மட்டும். திங்கள் நீங்கள் மட்டும். செவ்வாயும் நீங்கள் மட்டும்.

அந்தச் செவ்வாய் பின்னிரவு மூன்று மணிக்கு, நாலரைக்கெல்லாம் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்த நிலையில், குழுவில் மறுபடி கேட்டீர்கள்: "தொந்தரவுக்கு மன்னிக்கவும். யாராவது அருகில் இருந்தால் ஆறு மணி வரை பார்த்துக்கொள்ள முடியுமா?" மூன்று மணிக்கும் உங்கள் வாக்கியத்தில் மரியாதை குறையவில்லை. பதினோரு பேர் அப்போதே படித்திருக்கிறார்கள். அந்தப் பதினோரு பேரும் மற்ற பத்துப் பேரில் ஒருவர் போவார் என்று நினைத்தோம்.

காலை எட்டரைக்குக் கடலிலிருந்து திரும்பிய ஒரு பெரியவர்தான் வேலிக்குள் பார்த்துப் போன் செய்தார். நாங்கள் போனபோது கூடைக்குள் தொண்ணூற்றேழு குஞ்சுகள். எழுபத்தொன்றைக் கடலில் விட்டோம். அவற்றிலும் பல அலையை நோக்கித் திரும்பவே நேரம் எடுத்துக்கொண்டன. இருபத்தாறு, கூடையின் கிழக்கோரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எறும்பு ஏறியிருந்தது. அந்தப் பெரியவர் எங்களைத் திட்டவில்லை. "பங்குனி ஆமை, பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையைப் பிரிக்கப் போய்விட்டார்.

நாங்கள் இரக்கமற்றவர்கள் அல்ல, அண்ணா. டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் நியூயார்க்கில் நடத்திய ஒரு சோதனையை 1968இல் வெளியிட்டார்கள். தனித்தனி அறைகளில் அமர்ந்து இன்டர்காம் வழியாகப் பேசிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் ஒரு குரலைக் கேட்கச் செய்தார்கள். கேட்பது தான் ஒருவர்தான் என்று நம்பியவர்களில் நூற்றுக்கு 85 பேர், குரல் அடங்குவதற்குள்ளேயே எழுந்து போய் உதவிக்குச் சொன்னார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படிப் போனவர்கள் நூற்றுக்கு 31 பேர். போகாதவர்கள் அலட்சியமாகவும் உட்கார்ந்திருக்கவில்லை. பலருக்குக் கை நடுங்கியது. நான்கு பேர் சேர்ந்ததற்கே அப்படி என்றால், நூற்றெண்பது பேர் படிக்கும் செய்தியில் 'முடிந்தவர்கள்' என்ற சொல்லுக்கு யாரும் தன்னை முன்னிறுத்த மாட்டார்கள். நீங்கள் யாரையும் விட்டுவிடக் கூடாதென்று எல்லாரையும் கேட்டீர்கள். அதனால் யாரையும் கேட்காமல் போய்விட்டீர்கள்.

நம் ஊர்க் கோயில்கள் இதைப் பல தலைமுறையாகச் சரியாகச் செய்கின்றன. பத்து நாள் திருவிழா என்றால், ஐந்தாம் நாள் மண்டகப்படி இன்ன குடும்பம், ஆறாம் நாள் இன்ன தெரு என்று நோட்டீசில் அச்சாகிவிடும். 'வசதிப்பட்டவர்கள் மண்டகப்படி செய்யலாம்' என்று எந்த நோட்டீசிலும் நான் பார்த்ததில்லை. தன் நாளில் சாமி தன் பந்தலில் வந்து நிற்கும் என்று தெரிந்த குடும்பம், வீட்டில் என்ன நடந்தாலும் ஆள் பிடித்தாவது அந்த நாளை நடத்திவிடும். பெயரும் நாளும் சேர்ந்திருப்பதால்தான் அந்தப் பொறுப்பு வருகிறது. அந்த நோட்டீசை யாரும் மரியாதைக் குறைவு என்று சொன்னதில்லை. தங்கள் பெயர் விட்டுப்போனால்தான் சண்டைக்கு வருவார்கள்.

உங்கள் பணிவால் கணக்கும் மறைந்துபோனது. மார்ச் 15 முதல் ஏப்ரல் 25 வரை நாற்பத்திரண்டு இரவுகள். இரவுக்கு இரண்டு முறை, முறைக்கு இருவர் என்றால் மொத்தம் 168 இடம். குழுவில் இருப்பது 180 பேர். ஐம்பத்தாறு பேர் ஆளுக்கு மூன்று இரவு வந்தால் வேலை முடிந்தது. இந்த எண்ணை நீங்கள் சொல்லியிருந்தால் பலர் பயம் தெளிந்து கைதூக்கியிருப்பார்கள். எவ்வளவு என்று சொல்லாத வேலை, ஒப்புக்கொள்கிறவனுக்கு முடிவில்லாத வேலையாகத் தெரிகிறது. ஒருமுறை போனால் வாராவாரம் கூப்பிடுவார்கள் என்று நானே நினைத்தேன். எங்களுக்குச் சிரமம் தரக் கூடாதென்று நீங்கள் சொல்லாமல் விட்ட மூன்று இரவுக்குப் பதிலாக, நீங்கள் அந்தப் பருவத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இரவுகள் விழித்தீர்கள். உங்கள் வீட்டில் அண்ணி என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

'வர இயலாதவர்கள் வருந்த வேண்டாம்' என்று எழுதியதும் பெரிய மனசு. ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வர முடியாமல் போகிறவனுக்கு அதில் வழி இல்லை. அவனுக்கு வேண்டியது மன்னிப்பு அல்ல, எத்தனை மணிக்குள் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற விவரம். அது இல்லாததால் அவன் வெட்கப்பட்டுப் போனை எடுக்காமல் இருந்துவிடுகிறான்.

உங்கள் மரியாதையில் ஒரு துளி குறையாமல் இதை எப்படிக் கேட்டிருக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். குழுவில் போடாமல், ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்ப வேண்டியது:

"வணக்கம் அக்கா. மார்ச் 15 முதல் ஏப்ரல் 25 வரை பொரிப்பகத்தில் இரவுக் காவல். உங்களிடம் மூன்று இரவு கேட்கிறேன்: மார்ச் 24, ஏப்ரல் 7, ஏப்ரல் 21. மூன்றும் செவ்வாய், இரவு 10 முதல் 2 வரை. கூட இருப்பவர் வேலை பழகியவர். அரை மணிக்கு ஒருமுறை கூடைகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வீடு திரும்ப ஆட்டோ பேசி வைத்திருக்கிறோம். மார்ச் 10 இரவுக்குள் 'சரி' அல்லது 'முடியாது' என்று ஒரு வரி அனுப்புங்கள். முடியாது என்றால் அதுவும் உதவிதான், வேறொருவரைக் கேட்க எனக்கு நாள் கிடைக்கும். ஒப்புக்கொண்ட பிறகு தடங்கல் வந்தால் அன்று மாலை ஆறுக்குள் போன் செய்யுங்கள், மாற்றாள் இருவர் தயாராக இருக்கிறார்கள். பட்டியல் முழுவதும் மார்ச் 12 அன்று குழுவில் பெயரோடு வரும்."

இப்படிக் கேட்டால் சிலர் முடியாது என்பார்கள். ஒன்றிரண்டு பேர் குழுவிலிருந்து வெளியேறவும் கூடும். நூற்றெண்பது நூற்றிருபது ஆனாலும் ஐம்பத்தாறு கிடைத்துவிடும். யார் வருவார், யார் வரமாட்டார் என்பது மார்ச் 10ஆம் தேதியே உங்களுக்குத் தெரிந்துவிடும். பின்னிரவு மூன்று மணிக்கு வேலியோரம் நின்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது.

அடுத்த தை பிறந்ததும் முதல் செய்தியை எனக்கு அனுப்புங்கள் அண்ணா. என் பெயரைப் போட்டு, தேதியைப் போட்டு அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை, பின்னிரவு இரண்டு முதல் ஆறு.