ரூபாய் இளைத்ததற்கு அபராதம்

ஒரு வாத்தியாரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திருச்சி கே.கே. நகர்ப் பக்கம் 1993இல் 2 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்கினார். சொசைட்டிக் கடன், மனைவியின் நகை, மாமனாரிடம் கைமாற்று என்று அந்தக் காலத்து வழக்கப்படி எல்லாம் சேர்த்துத்தான். 2025-26 நிதியாண்டில், மாடிப்படி ஏற முடியாத வயதில், அதை 45 லட்சத்துக்கு விற்கிறார். வாத்தியார் கற்பனை, அவர் வீட்டு விலையும் கற்பனை. அவருக்கு வரி போடும் சட்டம் மட்டும் நிஜம்.

45இல் 2 போனால் 43. ஆக, வாத்தியார் 43 லட்சம் லாபம் பார்த்த ரியல் எஸ்டேட் முதலாளி! 32 வருஷம் அந்த வீட்டில் சும்மா குடியிருந்தபடியே இவ்வளவு கொள்ளை அடித்திருக்கிறார். 1993இல் ஒரு வீடு தந்த 2 லட்சம், இன்று அதே வீட்டின் குளியலறையை இடித்துக் கட்டுவதற்கே திணறும் என்பதையெல்லாம் இந்தக் கழித்தல் கணக்கு கேட்காது. வீடு அதே வீடுதான், அதே இடத்தில்தான் நிற்கிறது. இளைத்தது ரூபாய். அதை இளைக்க விட்டவர்களே அந்த இளைப்பை 'லாபம்' என்று பெயர் சூட்டி, பங்கு கேட்டு வாசலில் நிற்கிறார்கள்.

இதில் கொஞ்சம் அநியாயம் இருக்கிறது என்று அரசுக்கே ஒரு காலத்தில் உறைத்தது. 1992ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இண்டெக்சேஷனைக் கொண்டுவந்தது. வழி எளிது. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் அரசு ஒரு குறியீட்டெண்ணை அறிவிக்கும். நீங்கள் வாங்கிய விலையை விற்ற ஆண்டின் எண்ணால் பெருக்கி, வாங்கிய ஆண்டின் எண்ணால் வகுத்தால், பழைய ரூபாய் இன்றைய ரூபாயாகிவிடும். அதை விற்ற விலையில் கழித்து, மிஞ்சுவதற்கு மட்டும் 20 சதவீதம் வரி. இன்றைய பட்டியலில் 2001-02க்கு எண் 100, 2025-26க்கு 376. அதாவது அன்றைய ஒரு ரூபாய் இன்றைய மூன்று ரூபாய் எழுபத்தாறு காசுக்குச் சமம் என்று அரசே கையெழுத்துப் போட்டிருக்கிறது.

அந்தக் கையெழுத்திலும் ஒரு கால் பங்கைக் கிள்ளிக்கொண்டார்கள். நகர்ப்புற நுகர்வோர் விலைகள் முந்தைய ஆண்டில் சராசரியாக எவ்வளவு ஏறினவோ, அதில் 75 சதவீதத்தைக் கருத்தில் கொண்டுதான் இந்த எண்ணை நிர்ணயிக்க வேண்டும் என்கிறது சட்டம். விலைவாசி 8 சதவீதம் ஏறினால், சட்டத்தின் கண்ணுக்கு 6 தெரிந்தால் போதும். மளிகைக் கடைக்காரரிடம் போய் "சட்டப்படி முக்கால் பங்குதான் ஏறியிருக்கிறது, மீதியைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி அதிகாரி கேட்டுப் பார்க்கட்டும். ரசீதோடு திரும்பி வருவாரா, வீக்கத்தோடு வருவாரா என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

வாத்தியார் வீடு வாங்கியது 2001க்கு முன்பு. அப்படிப்பட்டவர்கள் 2001 ஏப்ரல் 1 அன்று அந்த வீட்டுக்கு இருந்த நியாயமான சந்தை விலையை அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம். நல்ல சலுகைதான். பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் வந்து, அன்றைய நிலவரத்தைப் பார்த்து 9 லட்சம் என்று அறிக்கை கொடுக்கிறார் என்று வைப்போம். வாத்தியார் சந்தோஷமாக ஆடிட்டரிடம் போகிறார்.

"சார், இந்த 9 லட்சம் செல்லாது" என்கிறார் ஆடிட்டர். "2001இல் உங்க தெருவுக்குக் கைடுலைன் வேல்யூ என்ன?"

சார் பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்து, அன்றைய வழிகாட்டி மதிப்பை எடுத்து, கட்டடத்தையும் சேர்த்துப் பார்த்தால் 6 லட்சம் வருகிறது. 2020 நிதிச் சட்டம் ஒரு திருத்தம் போட்டிருக்கிறது: நிலம், கட்டடம் என்றால் 2001ஆம் ஆண்டு விலை அன்றைய முத்திரைத்தாள் மதிப்பைத் தாண்டக் கூடாது, அந்த மதிப்பு கிடைக்கும் பட்சத்தில். அன்றைய வழிகாட்டி மதிப்பு ஊர் நிலவரத்தைவிடக் குறைவாக இருப்பது சர்வசாதாரணம் என்பது பதிவு அலுவலக வாசலில் டீ விற்பவருக்கும் தெரியும். சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இப்போது விற்கும் பக்கம் வாருங்கள். வாத்தியார் 45 லட்சத்துக்கு விற்கிறார். இன்றைய வழிகாட்டி மதிப்பு 49 லட்சம் என்றால் பிழைத்தார். விற்ற விலையைவிட 10 சதவீதம் வரை கூடுதலாக இருந்தால் சட்டம் கண்டுகொள்ளாது. அதுவே 50 லட்சமாக இருந்துவிட்டால், கையில் வராத 5 லட்சத்தையும் சேர்த்து, 50 லட்சத்துக்கு விற்றதாகவே கணக்கு. ஆக, அதே வழிகாட்டி மதிப்பு வாங்கிய விலைக்குக் கூரை, விற்ற விலைக்குத் தரை. அடக்கம் அதற்கு மேல் போகக் கூடாது, வரவு அதற்குக் கீழே இறங்கக் கூடாது. இப்படி இரண்டு பக்கமும் கூர் வைத்த கத்தியைச் செய்ய அசாத்திய மூளை வேண்டும். அந்த மூளை நம் நாட்டுச் சாலைப் பள்ளங்களின் பக்கம் ஒரு நாள் திரும்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மதிப்பு 10 சதவீதத்துக்குள் நின்றது என்றே வைத்து வாத்தியார் கணக்கை முடிப்போம். 6 லட்சத்தை 376ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 22.56 லட்சம். 45இல் அதைக் கழித்தால் 22.44 லட்சம். அதில் 20 சதவீதம், 4,48,800 ரூபாய் வரி, செஸ் தனி. மதிப்பீட்டாளரின் 9 லட்சம் செல்லுபடியாகியிருந்தால் வரி 2,23,200 ரூபாய்தான். 'தாண்டக் கூடாது' என்ற ஒரு திருத்தத்தின் விலை, ஒரு வாத்தியார் தலையில் மட்டும் 2,25,600 ரூபாய்.

2006-07இல் மாடியில் 2 லட்சம் செலவில் ஒரு அறை போட்டிருந்தார். அந்த ஆண்டின் குறியீட்டெண் 122. அந்தச் செலவு இன்றைய கணக்கில் 6.16 லட்சமாகி, சுமார் 1.23 லட்சம் வரியைக் குறைத்திருக்கும். ஆனால் கொத்தனார் ரசீதா கொடுத்தார்? சிமெண்ட் கடைச் சிட்டை எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. அறை கண்ணுக்கு நேராக நிற்கிறது, வாங்குபவர் அதற்கும் சேர்த்துத்தான் பணம் தருகிறார். வரிக் கணக்கில் மட்டும் அது கட்டப்படவே இல்லை.

இந்த முக்கால் நியாயமும் பொறுக்கவில்லை. 2024 ஜூலை 23 அன்று பட்ஜெட்டில் இண்டெக்சேஷனையே தூக்கினார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். இனி எல்லாவற்றுக்கும் 12.5 சதவீதம், கழிவு கிடையாது. காரணம், எளிமைப்படுத்துதல்! பையில் இருக்கும் பணத்தை எடுத்துவிட்டால் எண்ணும் வேலை எளிமையாகிவிடும் என்பது உண்மைதானே.

எதிர்ப்பு கிளம்பியதும் வருமான வரித் துறை விளக்கம் தந்தது. வீட்டு மனை முதலீடு பொதுவாக ஆண்டுக்கு 12 முதல் 16 சதவீதம் வளர்கிறதாம். இண்டெக்சேஷன் தருவது 4, 5 சதவீதம்தானாம். அதனால் பெரும்பாலோருக்குப் புதிய முறை லாபமாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்திருந்தால் வாத்தியாரின் 6 லட்சம் வீடு 24 வருஷத்தில் 91 லட்சம் ஆகியிருக்கும். 16 சதவீதம் என்றால் 2 கோடியே 11 லட்சம். அந்த விளக்கத்தை எழுதிய அதிகாரி தயவுசெய்து திருச்சிக்கு வரட்டும். 2 கோடிகூட வேண்டாம், 91 லட்சத்துக்கே வாங்கிக்கொள்ளட்டும். பத்திரச் செலவைக்கூட வாத்தியார் ஏற்றுக்கொள்வார்.

உண்மைக் கணக்கு இது. 2001 விலையைப்போல் 8.36 மடங்குக்கு மேல் விற்றால்தான், 2025-26இல், 12.5 சதவீத முறை நமக்கு ஆதாயம். அதற்கு 24 வருஷமும் விடாமல் ஆண்டுக்குச் சுமார் 9.25 சதவீதம் வளர்ந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே நிற்கும் வீடெல்லாம் பழைய முறையில்தான் பிழைக்கும். வாத்தியார் வீடு ஏழரை மடங்கு. புதிய முறையில் அவருக்கு வரி 4,87,500 ரூபாய், 38,700 அதிகம். ஏழரை என்பது நமக்கு எப்போதும் நல்ல எண் இல்லை. இங்கே விதிவிலக்காக அவரைக் காப்பாற்றுகிறது.

ஏனென்றால் கூச்சல் தாங்காமல் ஆகஸ்ட் 7 அன்று மக்களவையில் பாதிப் படி இறங்கினார்கள். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு, குறைந்த வரியைக் கட்டலாம். விற்பவர் தனிநபராகவோ இந்துக் கூட்டுக் குடும்பமாகவோ இருக்க வேண்டும். இந்தியாவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும்.

அந்த 'வசிப்பவர்' என்பதை ஒரு குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். 2010இல் அப்பா போய், வீடு அண்ணன் தம்பிக்குச் சரிபாதி. அண்ணன் தஞ்சாவூரில், தம்பி துபாயில். ஒரே பத்திரம், ஒரே சுவர், ஒரே நாளில் விற்பனை. அண்ணன் பாதிக்குப் பணவீக்கம் உண்டு, தம்பி பாதிக்குக் கிடையாது. ரூபாய் வீட்டின் கிழக்குப் பக்கம் இளைத்து, மேற்குப் பக்கம் கொழுகொழுவென்று இருந்திருக்கிறது! தம்பி அனுப்பிய அந்நியச் செலாவணியை மேடைக்கு மேடை பாராட்டியவர்கள் செய்த கைம்மாறு இது.

நஷ்டத்துக்கும் இதே மரியாதைதான். 2014-15இல் 40 லட்சத்துக்கு வாங்கிய பிளாட்டை 2025-26இல் 55 லட்சத்துக்கு விற்கிறீர்கள். அந்த ஆண்டின் எண் 240. இன்றைய மதிப்பில் அடக்கம் 62.67 லட்சம், ஏழரை லட்சத்துக்கு மேல் கை நட்டம். இங்கே வசிப்பவருக்கு வரி இல்லை. ஆனால் அந்த நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்கவோ அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவோ முடியாது. சட்டத்தின் பார்வையில் உங்களுக்கு 15 லட்சம் லாபம்தான், வரியை மட்டும் மன்னித்திருக்கிறது. துபாய்த் தம்பிக்கு அந்த மன்னிப்பும் இல்லை. கை நட்டத்தோடு 1,87,500 ரூபாய் வரியும் கட்ட வேண்டும்.

பழைய வீடு வைத்திருப்பவர்கள் 2001ஆம் ஆண்டு வழிகாட்டி மதிப்பை இப்போதே சார் பதிவாளர் அலுவலகத்தில் எழுதி வாங்கி வையுங்கள். கொத்தனார் சிட்டையைப் பழைய பேப்பரில் போடாதீர்கள். இரண்டு கணக்கையும் ஆடிட்டரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியவர்களுக்கு இந்த வேலைகளில் பாதி மிச்சம். 50 லட்சத்துக்கு இன்று வாங்கும் வீடு, விலைவாசியும் வீட்டு விலையும் ஒன்றுபோல ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 20 வருஷத்தில் 1 கோடியே 32 லட்சத்துக்கு மேல் போகும். உண்மையான லாபம் ஒரு பைசா இருக்காது. வரி 10 லட்சத்து 33 ஆயிரம்.